ஒரு ஐந்நூறு பீரோவில், இன்னொரு ஐந்நூறு வழியில்

"ஞாயிறு ராத்திரி ஒன்பதே கால் மணிக்கு என் சிங்காரச் சென்னை கார்டுக்கு போனிலேயே 500 ரூபாய் ரீசார்ஜ் செய்தேன். வங்கியில் பணம் கழிந்ததாக ஒரு மெசேஜ், ரீசார்ஜ் ஆகிவிட்டதாக இன்னொரு மெசேஜ், இரண்டும் வந்தன. திங்கள் காலை தண்டையார்பேட்டை மெட்ரோவில் கார்டை வைத்தால் கேட் திறக்கவில்லை. பழைய 14 ரூபாய்தான் காட்டியது. பின்னால் வரிசை நிற்கிறது. பதற்றத்தில் அங்கேயே ஓரமாக நின்று மறுபடியும் 500 போட்டேன். அது சுற்றிக்கொண்டே இருந்தது. கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கார்டு பக்கமிருந்து ஒரு மெசேஜும் இல்லை. கேட்டில் அதே 14. கடைசியில் டிக்கெட் எடுத்துக்கொண்டு கிண்டிக்கு ஓடினேன். இன்று புதன்கிழமை. வங்கியில் கேட்டால் 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது, மெட்ரோவைக் கேளுங்கள்' என்கிறார்கள். ஆயிரம் ரூபாய் போனதா? யாரைப் பிடிப்பது?"
வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

முதல் ஐந்நூறு உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அதை எடுக்க புகார் எதுவும் வேண்டாம், ஸ்டேஷன் கவுண்டரில் ஒரு நிமிடம் போதும். இரண்டாவது ஐந்நூறுதான் உண்மையிலேயே வழியில் சிக்கியிருக்கிறது. கேட்டில் இரண்டு தடவையும் 14 என்றே காட்டியதால் இரண்டும் ஒரே கோளாறு என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அப்படி இல்லை. ஒன்றுக்குத் தட்டவேண்டிய கதவு வேறு, மற்றதற்கு வேறு. வங்கியில் மின்னணுப் பணப் புகார்களைப் பார்க்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், இப்படி இரண்டு சிக்கலை ஒரே மனுவில் கட்டி அனுப்பினால் அது மேசைக்கு மேசை சுற்றுமே தவிர முடியாது.

முதல் ஐந்நூறைப் பார்ப்போம். பழைய வீடுகளில் பாட்டியிடம் பணம் இரண்டு இடத்தில் இருக்கும். பெரிய தொகை பீரோவில், அன்றாடச் செலவுக்கு இடுப்பில் செருகிய சுருக்குப்பையில். பஸ்ஸில் ஏறிவிட்டால் சுருக்குப்பையில் இருப்பதுதான் காசு. பீரோவில் ஆயிரம் இருந்தாலும் கண்டக்டருக்கு அதனால் பயனில்லை. உங்கள் கையில் இருக்கும் கார்டும் அப்படித்தான். சிங்காரச் சென்னை கார்டு என்பது என்.சி.எம்.சி. எனப்படும் தேசியப் பொதுப் பயண அட்டை. 2023 ஏப்ரலில் மெட்ரோவில் வந்தது, 2025 ஜனவரியில் மாநகர பஸ்களுக்கும் வந்தது. வெளியிடுவது ஸ்டேட் வங்கி. இந்த வகைக் கார்டில் பணம் இரண்டு இடத்தில் நிற்கும். ஒன்று வங்கியின் கம்ப்யூட்டரில் உங்கள் கார்டு எண்ணுக்கு எதிரே இருக்கும் இருப்பு. இன்னொன்று கார்டுக்குள் பதித்திருக்கும் சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும் இருப்பு.

போனில் ரீசார்ஜ் செய்யும்போது பணம் பீரோவுக்குத்தான் போகிறது. போன் உங்கள் கையில், கார்டு கைப்பையில். அந்த நேரத்தில் சிப்பை யாரும் தொடவில்லை. ரீசார்ஜ் ஆகிவிட்டது என்று வந்த மெசேஜ் பொய் இல்லை. பீரோவில் வைத்தாயிற்று என்பதுதான் அதற்குப் பொருள். ஆனால் கேட் பார்ப்பது சுருக்குப்பையை மட்டும். அங்கே நீங்கள் முன்பு மிச்சம் வைத்த 14 ரூபாய் அப்படியே இருந்திருக்கிறது, அதைத்தான் அது சொன்னது.

கேட்டே வங்கியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடாதா என்று தோன்றும். காலை எட்டரை மணிக்கு சென்ட்ரலில் நின்று பாருங்கள், பதில் கிடைத்துவிடும். ஒவ்வொருவருக்கும் அரை நொடிக்குள் கதவு திறந்தாகவேண்டும். வங்கியின் கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பதில் வாங்கச் சில நொடி ஆகும், நெட்வொர்க் படுத்தால் பதிலே வராது. ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டரின் மெஷினுக்கும் இதே தொல்லை. அதனால்தான் நெட்வொர்க் இல்லாமலே வேலை செய்யும்படி, கார்டின் சிப்பையே பணப்பை ஆக்கி இந்த முறையை வடிவமைத்தார்கள். அதில் கூட்டுவதோ விளையாட்டுக் காரியமில்லை. கண்ட மெஷினும் சிப்பில் பணம் எழுத முடிந்தால் ஊரில் கள்ளக் கார்டுதான் ஓடும். கார்டை வெளியிட்ட வங்கி, அந்த ஒரு கார்டுக்கென்று, அந்த ஒரு தடவைக்கென்று பூட்டிய செய்தி ஒன்றை அனுப்பவேண்டும். சிப் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால்தான் தொகை மாறும். கூட்டம் முண்டுகிற கேட்டில் அதற்கு நேரம் இல்லை. கவுண்டரில் உண்டு.

ஆகவே செய்யவேண்டியது இதுதான். கவுண்டருக்குப் போங்கள். "ரீசார்ஜ் பண்ணணும்" என்று சொல்லாதீர்கள், உடனே "எவ்வளவு?" என்று கேட்டுக் காசுக்குக் கை நீட்டுவார்கள். "ஏற்கனவே ஆன்லைன்ல போட்டிருக்கேங்க, கார்டுல பேலன்ஸ் அப்டேட் பண்ணிக் குடுங்க" என்று சொல்லுங்கள். அப்டேட் என்ற அந்த ஒரு சொல்தான் வித்தியாசம். கவுண்டரில் இருப்பவர் கார்டைக் கருவிமேல் வைப்பார் அல்லது உங்களையே வைக்கச் சொல்வார். கருவி வங்கியிடம் கேட்கும், காத்திருக்கும் தொகை வரும், சிப்பில் எழுதும். 14 என்பது 514 ஆகும். அங்கேயே ஒருமுறை இருப்பைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை, அனுபவத்தில் வந்தது. கருவிமேல் வைத்த கார்டை அது முடிந்தது என்று சொல்லும்வரை அசைக்கக்கூடாது. கேட்டில் தட்டித் தட்டிப் பழகிய கை நமக்கு, சட்டென்று எடுத்துவிடுவோம். நானே ஒரு ஸ்டேஷனில் அப்படி எடுத்தேன். ரயில் வருகிற சத்தம் கேட்டது, கை தானாகப் போய்விட்டது. வங்கிப் பக்கம் 300 ரூபாய் குறைந்துவிட்டது, சிப்பில் ஏறவில்லை. எழுத அனுப்பினேன் என்று வங்கியின் கணக்கு சொல்கிறது, எழுதினேன் என்ற பதில் சிப்பிலிருந்து போய்ச் சேரவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான். வீட்டில் இதைச் சொல்லவே இல்லை. இரண்டு நாள் கழித்துத் தொகை மறுபடி வங்கி இருப்பில் வந்து உட்கார்ந்திருந்தது, திரும்பப் போய் எழுதிக்கொண்டேன். உங்களுக்கும் அப்படி நடந்தால் அங்கேயே உடனே மறுபடி ஒருமுறை அப்டேட் செய்து பாருங்கள். நடக்கவில்லை என்றால் நேரத்தையும் ஸ்டேஷன் பெயரையும் குறித்துக்கொண்டு, கவுண்டரில் தாள் ஏதாவது வந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்டேட் செய்தும் ஏறவில்லை என்றால் இன்னொரு காரணமும் இருக்கலாம். சிப்பில் 2,000 ரூபாய்க்கு மேல் நிற்காது. 1,700 இருக்கிற சிப்பில் இன்னொரு 500 ஏறாது. உங்கள் 14 ரூபாய்க்கு அந்தக் கவலை இல்லை, இரண்டு ஐந்நூறும் வந்து சேர்ந்தாலும் 1,014தான். ஆனால் ஒரேயடியாக 2,000 ஏற்றி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சுருக்குப்பை தொலைந்தால் தொலைந்ததுதான். பீரோவில் இருப்பதை வங்கி பூட்டி வைக்கும். சிப்பில் இருப்பதை, கார்டை எடுத்தவர் பின் நம்பர் எதுவும் இல்லாமலே பஸ்ஸிலும் மெட்ரோவிலும் செலவழிக்கலாம். வங்கியால் தடுக்க முடியாது. ஒரு வாரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சிப்பில் இருந்தால் போதும்.

கவுண்டருக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒன்றைப் பார்த்துவிடலாம். `transit.sbi` தளத்தில் உங்கள் கார்டு எண்ணையும் பதிவு செய்த மொபைல் எண்ணையும் கொண்டு நுழைந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையின் 500 அங்கே வரவாக இருந்தால் நான் மேலே சொன்னது உறுதி. அதோடு கார்டின் கடைசி நான்கு எண்களையும் உங்கள் கையில் உள்ள கார்டோடு ஒப்பிடுங்கள். மேசையில் இருந்தபோது என்னிடம் வந்த ஒருவர் பத்து நாள் சண்டை போட்டபிறகுதான் தெரிந்தது, அவர் ரீசார்ஜ் செய்தது மனைவியின் கார்டுக்கு. எண்ணைப் பழைய பதிவிலிருந்து போனே நிரப்பிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மா தினமும் அந்தப் பணத்தில்தான் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

இப்போது திங்கட்கிழமையின் ஐந்நூறு. இதில் கார்டு பக்கமிருந்து மெசேஜ் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் சொல்கிறது. பணம் உங்கள் கணக்கை விட்டுக் கிளம்பியது, பீரோவை எட்டியதாகத் தகவல் இல்லை.

யு.பி.ஐ.யில் பணம் போகிற பாதை போனில் தெரிவதைவிட நீளமானது. உங்கள் வங்கியில் கழியும், யு.பி.ஐ. வழியாகப் பெறுபவரின் வங்கிக்குப் போகும், நடுவில் பணத்தைச் சேகரித்துத் தரும் நிறுவனம் ஒன்று இருக்கும், அது கார்டு தளத்துக்கு "இன்னாருக்கு இவ்வளவு வந்தது" என்று சொல்லும், பிறகுதான் கார்டு எண்ணுக்கு எதிரே தொகை ஏறும். தண்டையார்பேட்டை ஸ்டேஷன் பூமிக்கடியில் இருக்கிறது, சிக்னல் போனதால்தான் எல்லாம் என்று நினைத்திருப்பீர்கள். பாதி சரி. யு.பி.ஐ. பின் போட்டு அது போய்ச் சேர்ந்த அந்த நொடியோடு போனின் வேலை முடிந்தது. மீதியெல்லாம் கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் நடப்பது. திரை சுற்றியதற்கு உங்கள் சிக்னல் காரணமாக இருக்கலாம். பணம் சிக்கியதற்கு அந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி பதில் சொல்லாததுதான் காரணம்.

எந்தக் கண்ணி என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. ஆனால் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துவிட்டால் தப்பான கதவைத் தட்டமாட்டீர்கள். பணம் செலுத்திய யு.பி.ஐ. ஆப்பைத் திறந்து திங்கள் காலையின் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டுப் பாருங்கள். தோல்வி என்றோ நிலுவை என்றோ இருந்தால் பணம் இன்னும் வங்கிகளுக்கு நடுவில் இருக்கிறது, அது உங்கள் வங்கியின் பொறுப்பு. வெற்றி என்று இருந்தால் பணம் பெறுபவரின் வங்கிக்குப் போய்விட்டது, கார்டில் ஏற்றாமல் விட்டது கார்டு தளத்தின் பக்கம். அப்போது கேட்கவேண்டியது கார்டை வெளியிட்ட வங்கியின் வாடிக்கையாளர் சேவையை.

உங்கள் வங்கிக்காரர் "எங்கள் பக்கம் சரி" என்றதைப் பார்த்தால் அவர் திரையில் வெற்றி என்று இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அல்லது ஞாயிற்றுக்கிழமை 500-ஐப் பார்த்துச் சொல்லியிருப்பார். இரண்டும் ஒரே தொகை, ஒரே இடத்துக்குப் போனது, அவர் எதைப் பார்த்தார் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் மெட்ரோவைக் கேட்கச் சொன்னது சரியில்லை. கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்கு உங்கள் வங்கிக் கணக்கும் தெரியாது, யு.பி.ஐ.யும் தெரியாது. அவரிடம் கத்தி ஒரு பயனும் இல்லை.

குழப்பம் வராமலிருக்க ஒரே வழி, தொகையைச் சொல்லாமல் எண்ணைச் சொல்வது. ஒவ்வொரு யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கும் 12 இலக்க எண் உண்டு. ஆப்பில் `UTR` என்றோ `UPI transaction ID` என்றோ இருக்கும், பாஸ்புக்கிலும் அதே எண் வரும். அதே திரையில் எழுத்தும் எண்ணும் கலந்து ஆப் நிறுவனத்தின் சொந்த எண் ஒன்றும், ரீசார்ஜ் தளம் தந்த ஆர்டர் எண் ஒன்றும் இருக்கும். மக்கள் பெரும்பாலும் கண்ணில் முதலில் படுகிற எண்ணைப் புகாரில் எழுதிவிடுவார்கள். வங்கியால் அதைவைத்து எதையும் தேட முடியாது. நாங்கள் "விவரம் போதாது" என்று திருப்பியனுப்பிய புகார்களில் ஏராளமானவை இந்த ரகம். 12 இலக்க எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள், ஆர்டர் எண் இருந்தால் அதையும் சேருங்கள்.

காலக்கெடுவுக்கு வருவோம். "அஞ்சு நாள் ஆகும்" என்று எல்லோரும் சொல்வது வாய்வார்த்தை இல்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று போட்ட சுற்றறிக்கை அது, அந்த வருடம் அக்டோபர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. யு.பி.ஐ.யில் கடைக்கோ தளத்துக்கோ பணம் கட்டும்போது கணக்கில் கழிந்து, பெறுகிற இடத்தில் உறுதிச் செய்தி போய்ச்சேராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்பியாகவேண்டும். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. நாள் என்பது காலண்டர் நாள், ஞாயிறு, விடுமுறை என்று தள்ளிப்போகாது. உங்கள் கணக்குப்படி திங்கள் பரிவர்த்தனை நாள், செவ்வாய் ஒன்று, இன்று புதன் இரண்டு, சனிக்கிழமை ஐந்து. சனிக்கிழமை முடிந்தும் வரவில்லை என்றால் ஞாயிறு முதல் நூறு நூறாகச் சேரும். அடுத்த புதன்கிழமை வந்தது என்றால் நான்கு நாள் தாமதம், 500-உடன் 400 வரவேண்டும்.

அந்த இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலே கணக்கில் போடவேண்டும் என்றும் அந்தச் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. கேட்டுத்தான் வாங்கவேண்டியிருக்கிறது என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. ஆப்பில் வெற்றி என்று இருந்தால், இந்த விதி தங்களுக்குப் பொருந்தாது, பரிவர்த்தனை முடிந்துவிட்டது என்று உங்கள் வங்கி வாதாடும். அது முழுக்கத் தப்பான வாதமும் இல்லை. அப்போது நூறு ரூபாய்ப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு, ஐந்நூறைக் கார்டில் ஏற்று அல்லது திருப்பிக் கொடு என்று கார்டு வங்கியைப் பிடிப்பதுதான் சீக்கிரம் முடிகிற வழி.

புகார் கொடுக்குமுன் `transit.sbi` தளத்தில் இன்னொரு முறை பாருங்கள். தாமதமாக வரவாகியிருக்கவும் கூடும், திங்கள் காலை கிளம்பியது செவ்வாய் சாயங்காலம் போய்ச் சேர்ந்த கதைகள் உண்டு. வந்திருந்தால் ரீஃபண்டு கேட்காதீர்கள். பயணத்துக்கு மட்டும் என்று கொடுக்கப்படும் இந்த முன்பணக் கார்டுகளில் ஒருமுறை ஏறிய பணத்தை வங்கிக் கணக்குக்குத் திருப்ப ரிசர்வ் வங்கியின் விதியே இடம் தருவதில்லை. ஞாயிறு 500-உடன் அதையும் சேர்த்து ஒரே அப்டேட்டில் சிப்பில் ஏற்றிக்கொண்டு போய்வருவதுதான் வழி.

வரவில்லை என்றால் முதலில் யு.பி.ஐ. ஆப்பிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதிவு செய்யுங்கள், ஒரு புகார் எண் கிடைக்கும். பிறகு மேலே சொன்ன கணக்குப்படி எந்த வங்கியோ அந்த வங்கிக்கு எழுத்தில் ஒன்று அனுப்புங்கள். இந்த அளவு போதும்:

"திங்கள் காலை 8.25 மணி அளவில் என் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் ரூ.500 கழிந்தது. 12 இலக்க எண் இது, ஆர்டர் எண் இது. கடைசி நான்கு எண்கள் இன்னின்ன கொண்ட என் பயண அட்டையின் வங்கி இருப்பில் இத்தொகை இன்றுவரை வரவாகவில்லை. தளத்தின் பரிவர்த்தனைப் பட்டியலை இணைத்துள்ளேன். தொகையை அட்டையில் வரவு வைக்கவும் அல்லது கணக்குக்குத் திருப்பவும். முந்தைய நாள் ஞாயிறு இரவு செய்த ரூ.500 சரியாக வரவாகியுள்ளது, இப்புகார் அதைப் பற்றியதல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பார்க்கிறவர் கண் முதலில் ஞாயிற்றுக்கிழமை வரவில்தான் விழும், "தொகை வரவாகிவிட்டது, புகார் முடிக்கப்பட்டது" என்று ஒரு மெயில் வரும். "கேட்டில் 14 காட்டுகிறது" என்றும் எழுதவேண்டாம். கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலே "ஸ்டேஷனில் அப்டேட் செய்துகொள்ளவும்" என்ற தயார் பதிலை அனுப்பிவிடுவார்கள். முதல் ஐந்நூறுக்கு அது சரியான பதில், இரண்டாவதுக்கு இல்லை.

முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் போகலாம், கட்டணம் கிடையாது. வங்கிக்கு முதலில் எழுதிய அத்தாட்சி இல்லாமல் அங்கே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அதற்காகவும்தான் எழுத்தில் அனுப்பச் சொன்னேன். ஐந்நூறு ரூபாய்க்கு அதுவரை போகவேண்டி வராது என்றே நினைக்கிறேன்.

இடையில் கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். பணம் சிக்கியவர்கள் தேடுவார்கள் என்று தெரிந்தே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ரீஃபண்டு வர யு.பி.ஐ. பின் போடுங்கள் என்று எவராவது சொன்னால் அது திருட்டு. பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழைக்கவேண்டும்.

கவுண்டர் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளவேண்டாம். இன்று சாயங்காலம் கிண்டியில் கூட்டம் குறைகிற நேரம் பார்த்து அப்டேட் செய்துகொண்டு, அந்தக் கார்டிலேயே வீட்டுக்குப் போங்கள். ஏதாவது சிக்கினாலும் வேலைக்குத் தாமதம் ஆகாது. தண்டையார்பேட்டையில் வெளியே வரும்போது மீதி எவ்வளவு என்று கேட் காட்டும், 514-இல் பயணக் கட்டணம் போக இருக்கவேண்டும்.

அன்புடன்.